வேலைப் படத்தில் மாற்றிய சட்டை

நம்முடைய சிறு நகரங்களில் புகைப்பட ஸ்டூடியோக்கள் செழித்திருந்த காலத்தில், உள்ளறைத் திரைக்குப் பின்னால், முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் சீப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் பக்கத்தில், ஓர் ஆணியில் கறுப்புக் கோட்டு ஒன்று தொங்கும் என்பதும், முடிச்சு அவிழ்க்கப்படாமலே எலாஸ்டிக் நாடாவோடு கூடிய டை ஒன்று அதன் மேல் கிடக்கும் என்பதும், உத்தியோக விண்ணப்பத்துக்குப் படம் வேண்டி வந்த வாலிபர்களில் பலர் அந்த ஒரே கோட்டைத்தான் முறை வைத்து மாட்டிக்கொண்டு காமிராவின் முன் உட்கார்ந்தார்கள் என்பதும், ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒல்லியான உடம்புக்காரருக்குக் கோட்டின் முதுகுப் பக்கத்தை இழுத்து இரண்டு கிளிப்புகளைப் போட்டுவிடுவார்கள். பருமனானவருக்குப் பொத்தான் போடாமல் விட்டு, மார்புக்கு மேலே படத்தை வெட்டிக்கொள்வார்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்தபோது அந்தக் கோட்டு ஆணியை விட்டு இறங்கி, ஃபோட்டோஷாப்பில் ஒரு கோப்பாகக் குடிபுகுந்தது. இப்போதோ அது கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. பனியனோடு எடுத்த படத்தைக் கொடுத்தால், கண் இமைக்கும் நேரத்தில் கோட்டும் டையுமாகத் திரும்பக் கிடைக்கிறது.

இது சரிதானா, அல்லது ஏமாற்றா என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். கேட்பதற்குக் காரணம், நான் என் வாலிப வயதிலிருந்து ஸ்டூடியோவில் நெகட்டிவ் டச்சிங் செய்து, பிற்பாடு அதே மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு படங்களைத் திருத்தி ஜீவனம் செய்தவன் என்பதுதான். ஒரு வரியில் பதில் சொல்லிவிட மனம் இடம் கொடுக்காததால், இங்கே விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

வேலைக்காகக் கொடுக்கும் படம் இரண்டு வேறு காரியங்களைச் செய்கிறது. முதலாவது, ‘இந்த விண்ணப்பத்தில் பேசுகிறவன் இன்ன முகத்தை உடையவன்’ என்று அது சாட்சி சொல்லுகிறது. இரண்டாவது, ‘நாலு பேர் கூடும் இடத்துக்கு எப்படி வரவேண்டும் என்பது எனக்குத் தெரியும்’ என்று அது மரியாதை செலுத்துகிறது. முகமும் உடம்பும் சாட்சியத்தின் பக்கம் நிற்கின்றன. சட்டை பெரும்பாலும் மரியாதையின் பக்கம் நிற்கிறது. ஆகையால் சட்டையை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சட்டையை மாற்றுகிற சாக்கில் சாட்சியத்தின் மேல் கை படுமானால், அந்தக் கணத்திலேயே படம் பொய்யாகிவிடுகிறது. என்னுடைய அபிப்பிராயம் முழுவதும் இவ்வளவுதான். ஆனால் கை எங்கே படுகிறது என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் தொழில் நுட்பம் அடங்கியிருக்கிறது.

ஸ்டூடியோக் கோட்டு யாரையும் ஏமாற்றவில்லை என்பதற்குக் காரணம், அது ஸ்டூடியோவினுடையது என்பது கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கிப் பார்த்த அதிகாரிக்கும் தெரியும் என்பதே. அந்த அதிகாரியும் தம் வாலிபத்தில் அப்படியொரு கோட்டை மாட்டிக்கொண்டவராகத்தான் இருந்திருப்பார். இன்றைய நிலைமை வேறு. லிங்க்ட்இன்னிலோ நௌக்ரியிலோ உங்கள் படத்தைப் பார்க்கிறவர் வேறொரு நகரத்தில், சில சமயம் வேறொரு தேசத்தில் உட்கார்ந்திருக்கிறார். நேர்முகத் தேர்வையே கைப்பேசித் திரையில் நடத்துகிறார். ஒருவர் பெயரில் வேறொருவர் தேர்வுக்கு உட்காரும் ஆள்மாறாட்டத்தைக் கண்டு ஏற்கெனவே எச்சரிக்கையாக இருக்கிறார். திரையில் தோன்றும் முகம் படத்தின் முகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவருக்கு வெறும் சம்பிரதாயம் அல்ல. மூக்கு சற்றுக் கூர்மையாகவும், நிறம் இரண்டு படி வெளுப்பாகவும், தாடை சற்று ஒடுங்கியும் உள்ள படத்தை வைத்துக்கொண்டு யோக்கியமான ஒரு பையன் அவர் முன் வந்து உட்கார்ந்தால், அவன் செய்யாத குற்றத்தின் சந்தேகம் அவன் மேல் விழுகிறது.

படத்தைத் திருத்துவது நேற்று வந்த வழக்கம் அல்ல. மூனிச் நகரத்துப் புகைப்படக்காரரான ஃப்ரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கல், 1855-இல் பாரீஸில் நடந்த உலகப் பொருட்காட்சியில், திருத்திய நெகட்டிவிலிருந்து எடுத்த படத்தையும் திருத்தாத படத்தையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார் என்பது புகைப்பட சரித்திரத்தில் பிரசித்தமான செய்தி. நாங்கள் கற்ற டச்சிங்கும் அந்தப் பரம்பரையில் வந்ததுதான். நெகட்டிவின் மருந்துப் பக்கத்தில், ஊசிபோல் சீவிய கெட்டிப் பென்சிலால், புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டு போனால், முகத்தில் பரு இருந்த இடத்தில் கரி ஏறி, அச்சில் அந்த இடம் வெளுத்துச் சுற்றுப்புறத்தோடு கலந்துவிடும். பென்சிலால் வெளுக்கத்தான் முடியும். கறுப்பாக்க வேண்டுமானால் கத்தியால் மருந்தைச் சுரண்டவேண்டும், அது அபாயமான வேலை. அந்தக் கஷ்டமே எங்களுக்கு ஒரு வரம்பாக இருந்தது. பருவைப் போக்குவோம், ஏனென்றால் அடுத்த மாதம் அது தானே போய்விடும். மச்சத்தைத் தொடமாட்டோம், ஏனென்றால் அது அந்த மனிதரோடு கூடவே இருப்பது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் வாயால் விதித்த விதி இது ஒன்றே; கருவி எத்தனையோ முறை மாறிவிட்ட பின்னும் இதைவிடச் சிறந்த விதி என் கண்ணில் படவில்லை.

இனி ஒரு யதார்த்தமான சந்தர்ப்பத்தை எடுத்துக்கொள்கிறேன். என் தங்கை மகன் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தவன். ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலைக்கு விண்ணப்பிக்க விரும்பினான். விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும். கடைசித் தேதியும் நெருங்கிவிட்டது. ஆனால் அவன் அப்போதுதான் குடும்பத்தோடு பழனிக்குப் போய்ப் பிரார்த்தனை செலுத்தி மொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். அவனிடம் இருந்த ஒரே நல்ல படம், அதற்கு இரண்டு மாதம் முன்னால் அவர்கள் வீட்டுத் திண்ணையில் எடுத்தது: முகம் தெளிவாக, பார்வை நேராக, இயல்பான சிரிப்போடு மிக நன்றாக இருந்தது, ஆனால் உடம்பில் ஆங்கில எழுத்துக்கள் பெரிதாக அச்சடித்த வட்டக் கழுத்து பனியன். “இதுக்கு ஒரு கோட்டு போட்டுக் குடுங்க மாமா” என்றான்.

கோட்டு வேண்டாம் என்று நான் உடனே சொல்லிவிட்டேன். அந்த வேலைக்குப் போகிறவன் தொழிற்சாலையில் கோட்டு அணியப் போவதில்லை. நேர்முகத் தேர்வுக்கும் அணிந்து போகமாட்டான். அவனிடம் கோட்டு என்று ஒன்று இல்லவும் இல்லை. இருப்பதோ வெளிர் நீலத்தில் முழுக்கைச் சட்டை. அதைத்தான் தேர்வுக்கும் போட்டுக்கொண்டு போகப்போகிறான். ஆகையால் படத்தில் அந்தச் சட்டையே இருக்கட்டும் என்று தீர்மானித்தோம். மாற்றப் போகும் ஆடை உங்களுடையதா, அதை அணிந்துகொண்டு நாளைக்கு அந்த அலுவலகத்துக்குப் போவீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் வருமானால் பாதிச் சங்கடம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

வலையில் எத்தனையோ சட்டைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து ஒட்டியிருக்கலாம். ஆனால் அந்தச் சட்டைக்குள் இருப்பது வேறொருவருடைய தோள். நம் பையனின் கழுத்து நீளமும் தோளின் சரிவும் அந்தத் தோளுக்குப் பொருந்தா. பொருத்துவதற்காகச் சட்டையை இழுத்தும் அகட்டியும் வைக்கும்போது, நாம் அறியாமலே அவன் உடம்பை மாற்றத் தொடங்கிவிடுகிறோம். இதற்குப் பதிலாக, அவனையே அந்த நீலச் சட்டையைப் போடச் சொல்லி, அதே திண்ணையில் மறுபடியும் ஒரு படம் எடுத்து, புதிய படத்தின் சட்டையைப் பழைய படத்தின் தலைக்குக் கீழே வைத்தேன். முகமும் அவனுடையது, தோளும் அவனுடையது, சட்டையும் அவனுடையது.

இரண்டு படங்கள் ஒன்றாகச் சேரவேண்டுமானால் வெளிச்சமும் தூரமும் ஒத்திருக்கவேண்டும். கைப்பேசியில் எடுத்த படத்தின் விவரங்களைத் திறந்து பார்த்தால் அது எந்த மணிக்கு எடுக்கப்பட்டது, எந்த லென்ஸால் எடுக்கப்பட்டது என்ற குறிப்புகள் இருக்கும். பழைய படம் காலை எட்டு மணிக்கு, வெயில் நேராக விழாமல் தெருப்பக்கத்திலிருந்து பரவி வரும் வெளிச்சத்தில், அவனுடைய இடது கன்னம் பிரகாசமாகவும் வலது கன்னம் சற்று நிழலாகவும் இருக்கும்படி எடுக்கப்பட்டது. ஆகையால் அதே வேளையில், அதே தூணுக்குப் பக்கத்தில், அதே திசையில் உடம்பைச் சற்றே திருப்பி உட்காரவைத்தேன். சட்டையை வலதுபுற வெளிச்சத்தில் எடுத்து இடதுபுற வெளிச்சமுள்ள முகத்துக்குக் கீழே வைத்தால், பார்ப்பவருக்கு இன்னது பிழை என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ பிழை என்று மட்டும் தெரிந்துவிடும்.

தூரத்தின் விஷயம் இன்னும் முக்கியமானது. பலர் இதை அறிவதில்லை. கையை நீட்டி எடுத்த செல்ஃபியில் காமிராவுக்கும் மூக்குக்கும் இடையே இரண்டடிதான் இருக்கும். அதனால் காமிராவுக்கு அருகிலுள்ள முகம் பெரிதாகவும், பின்னால் தள்ளியிருக்கும் தோள்கள் குறுகலாகவும் விழும். கடைகளில் வைத்திருக்கும் கோட்டுப் படங்களோ ஐந்தாறு அடி தூரத்திலிருந்து எடுக்கப்பட்டவை. செல்ஃபித் தலையை அந்தக் கோட்டின் மேல் வைத்தால் தலை பெருத்துத் தெரியும். தலையைச் சிறிதாக்கினால் கழுத்து மெலிந்துபோகும். நம் ஊர்களில் ஒட்டுக் கோட்டுப் படங்கள் பார்த்தவுடன் ஒட்டுக் கோட்டு என்று தெரிவதற்கு இந்தத் தூரப் பொருத்தமின்மை முக்கியமான காரணம். நல்லவேளையாகப் பையனின் பழைய படம் செல்ஃபி அல்ல; அவன் அக்கா ஐந்தடி தள்ளி நின்று எடுத்தது. நானும் அவ்வாறே நின்று எடுத்தேன்.

கம்ப்யூட்டரில் செய்தது கொஞ்ச வேலைதான். பழைய படத்தை அடியில் வைத்து, அதை அசைப்பதில்லை, பெருக்குவதில்லை, சுருக்குவதில்லை என்ற உறுதியோடு, சட்டைப் படத்தை மேல் அடுக்காக வைத்தேன். இரண்டு படங்களிலும் இரண்டு கண்மணிகளுக்கு இடையேயுள்ள தூரம் ஒன்றாக வரும்வரை சட்டைப் படத்தின் அளவை மட்டும் மாற்றினேன். பிறகு மேல் அடுக்கில் காலருக்கு மேலே இருந்ததையெல்லாம் மாஸ்க் போட்டு மறைத்தேன். காலரின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் காகிதம் ஒட்டியதாகத் தோன்றும். மிகவும் மழுங்கினால் புகைபோல் தோன்றும். ஒன்றிரண்டு பிக்ஸல் அளவுக்கு மிருதுவாக்கினால் போதும். தாடையின் நிழல் காலரின் மேல் விழுவதுதான் படத்துக்கு உயிர். அந்த நிழலை நான் வரையவில்லை. சட்டைப் படத்திலேயே அது இருந்ததால் அப்படியே கிடைத்துவிட்டது. பெண்களின் படமானால் தோளில் விழும் கூந்தலும், தோட்டின் ஓரமும், துப்பட்டாவின் மடிப்பும் குறுக்கே வந்து வேலை பல மடங்காகும். அவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். உண்மையில் மொட்டை என்ற தடை இல்லாதிருந்தால் இந்தப் பையனுக்கும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சட்டை வீட்டில் இருக்கும்போது, சட்டையை மாட்டிக்கொண்டு படமெடுப்பதைவிட எளிய திருத்தம் எதுவும் இல்லை.

வேலை முடிந்ததும் என் தங்கை வந்து பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு அண்ணே. நிறத்தை மட்டும் ஒரு படி ஏத்திக் குடுத்தா என்ன? எல்லாக் கடையிலயும் பண்றதுதானே” என்றாள். பையனோ, “தோளைக் கொஞ்சம் அகலமாக்கலாமா மாமா?” என்றான். அவன் வலது புருவத்தின் மேல் சிறு வயதில் விழுந்து தையல் போட்ட வடு ஒன்று உண்டு. அதை எடுத்துவிடலாமே என்பது அவன் அக்காவின் யோசனை. மூன்றுக்கும் மறுத்துவிட்டேன். வடு மச்சத்தைப் போல. அடுத்த மாதம் போய்விடக்கூடியது அல்ல. தோள் அவன் உடம்பு. நிறத்தைப் பற்றியோ, நான் எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் தகும். கறுப்பாக இருப்பதைத் திருத்தவேண்டிய ஒரு குறையாக நினைத்து, கேட்காமலே வெளுத்துக் கொடுப்பது நம் ஸ்டூடியோக்களில் வெகு காலமாக ஊறிப்போன வழக்கம். அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு போன எத்தனை பிள்ளைகள், தங்கள் முகம் அப்படியே வைக்கத் தகுதியற்றது என்ற எண்ணத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் வேதனைப்படுகிறது. அலுவலகத்துக்கு ஏற்ற சட்டை என்று ஒன்று உண்டு. அலுவலகத்துக்கு ஏற்ற நிறம் என்று ஒன்று கிடையாது.

இந்த வெளுக்கிற புத்தி இப்போது யந்திரங்களுக்கும் வந்திருக்கிறது. 2023-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில், ஆசிய வம்சத்தைச் சேர்ந்த ஒரு பட்டதாரிப் பெண், தன் கல்லூரிப் பெயர் அச்சிட்ட சாதாரண மேற்சட்டையோடு இருந்த படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் சாதனம் ஒன்றிடம் கொடுத்து, இதை லிங்க்ட்இன்னுக்குத் தகுந்த உத்தியோகப் படமாக்கித் தா என்று கேட்டாள். திரும்பி வந்த படத்தில் அவள் நிறம் வெளுத்து, கண்கள் நீலமாகி, வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அந்தச் செய்தி பத்திரிகைகளில் வெளிவந்து பரவலாக விவாதிக்கப்பட்டது. அந்தச் சாதனங்கள் ‘உத்தியோகத் தோற்றம்’ என்பதைக் கோடிக்கணக்கான பழைய படங்களிலிருந்து கற்றுக்கொள்கின்றன; அந்தப் படங்களில் எந்த முகங்கள் மிகுதியோ அந்த முகங்களின் சாயல் கோட்டோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. நம் முகங்களுக்கு இதைச் செய்யும்போது நெற்றி விபூதி மறைவதையும், மூக்குத்தி கரைவதையும், வகிடு இடம் மாறுவதையும் நானே பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சில சாதனங்கள் நீங்கள் குறித்துக் காட்டிய சட்டைப் பகுதியை மட்டும் புதிதாக வரைகின்றன. வேறு சில, முழுப் படத்தையும் உள்வாங்கிக்கொண்டு முகம் உட்பட எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைந்து தருகின்றன. பின்னதில் கிடைக்கும் முகம் உங்கள் முகத்தைப் போன்ற ஒன்றே தவிர, காமிரா கண்ட உங்கள் முகம் அல்ல. எது நடந்தது என்பதை வெறும் கண்ணால் தீர்மானிப்பது கடினம்; ஆனால் சோதித்துப் பார்க்க எளிய உபாயம் உண்டு. ஃபோட்டோஷாப்பிலோ, இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப்பிலோ, மூலப் படத்தையும் மாற்றிய படத்தையும் ஒரே அளவில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேல் அடுக்கின் கலப்பு முறையை Difference என்று மாற்றுங்கள். இரண்டு படங்களும் ஒத்திருக்கும் இடம் முழுக் கறுப்பாகவும், மாறியிருக்கும் இடம் வெளிச்சமாகவும் தெரியும். சட்டை இருக்கும் இடம் பளிச்சென்று தெரியத்தான் வேண்டும். முகம் இருக்கும் இடம் கறுத்திருக்கவேண்டும். பிரகாசத்தை ஏற்றிப் பார்க்கும்போது எங்கும் பரவலாக மெல்லிய பொரிப்பொரியாகத் தெரிந்தால் பயப்படவேண்டாம். அது படத்தைச் சுருக்கிச் சேமித்ததால் உண்டான கசிவு. ஆனால் கண்ணின் ஓரமும் மூக்கின் வரம்பும் உதட்டின் கோடும் உருவம் உருவமாகத் தெரிந்தால், ஒன்று அடுக்கு நகர்ந்திருக்கிறது, இல்லையானால் முகம் மறுபடி வரையப்பட்டிருக்கிறது. அடுக்கைச் சரியாகப் பொருத்திய பிறகும் அந்தக் கோடுகள் மறையாவிட்டால், அந்தப் படத்தை உபயோகிக்காதீர்கள். என் மருமகன் படத்தில் காலருக்கு மேலே தாடைவரை மெல்லிய ஒரு விளிம்பும், அதற்கு மேலே முழுக் கறுப்புமே தெரிந்தன.

கவனிக்கவேண்டிய மற்றொன்று இடவல மாற்றம். ஆண்கள் சட்டையில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் படிந்து பொத்தான் போடப்படும். பையும் இடது மார்பில் இருக்கும். சில கைப்பேசிகள் செல்ஃபியைக் கண்ணாடிப் பிம்பமாகவே சேமித்துவிடுவதால், பை வலது மார்புக்குப் போய்விடுகிறது. புடவை கட்டிய பெண்ணின் முந்தானை வலது தோளில் ஏறிவிடுகிறது. மச்சம் கன்னம் மாறிவிடுகிறது. அந்தப் பிம்பத்தின் மேல் சரியான திசையிலுள்ள சட்டையை ஒட்டினால், சட்டை சரியாகவும் முகம் இடவலம் மாறியும் இருக்கும் விசித்திரமான படம் கிடைக்கும். இதற்குப் பிரசித்தமான முன்னுதாரணம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. ஆபிரகாம் லிங்கன் கம்பீரமாக நிற்பதாக நெடுங்காலம் வீடுகளில் மாட்டப்பட்ட ஒரு செதுக்குச் சித்திரத்தில், உடம்பும் உடையும் மேஜையும் லிங்கனுடையவை அல்ல. அவை 1852-இல் வெளியான ஜான் கால்ஹௌனின் சித்திரத்திலிருந்து வந்தவை. 1865-இல் லிங்கன் கொலையுண்டபின் அவருடைய தலையை அங்கே வைத்துவிட்டார்கள். மேஜைமேல் கிடந்த காகிதங்களின் வாசகத்தையும் மாற்றினார்கள். தலை புகைப்படத்திலிருந்து இடவலம் மாறி வந்திருந்ததால், லிங்கனின் வலது கன்னத்து மச்சம் இடது கன்னத்தில் விழுந்தது. பிற்காலத்தில் ஸ்டெஃபான் லோரன்ட் என்பவர் அந்த மச்சத்தைக் கண்டுதான் குட்டை உடைத்தார். கால்ஹௌன் அடிமைமுறையை ஆதரித்து வாதாடிய பிரமுகர் என்பதை நினைத்தால், பிறர் உடம்பைக் கடன் வாங்குவதில் உள்ள அவலம் இன்னும் நன்றாக விளங்கும்.

சட்டை மரியாதையின் பக்கம் நிற்கிறது என்று சொன்னேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு. கடையில் யாரும் வாங்கி யாரும் அணியக்கூடிய சட்டை, புடவை, சுடிதார், கோட்டு ஆகியவை உங்களைப் பற்றி எதையும் சாதிப்பதில்லை. ஆனால் ஸ்டெதஸ்கோப்போடு கூடிய வெள்ளைக் கோட்டும், வழக்கறிஞரின் கறுப்பு அங்கியும் கழுத்துப்பட்டையும், பட்டமளிப்பு அங்கியும், ஒரு கம்பெனியின் பெயர் தைத்த சட்டையும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றை அணிவதற்கு ஒரு தகுதியோ ஒரு நியமனமோ வேண்டும். ஆய்வுக்கூட உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும் பெண்ணுக்கு, ‘எடுப்பாக இருக்கும்’ என்று கடைக்காரர் டாக்டர் கோட்டை ஒட்டிக் கொடுத்தால், முகத்தில் ஒரு புள்ளிகூட மாறாவிட்டாலும் அந்தப் படம் பொய் சொல்கிறது. அரசாங்க ஊழியர் வகுப்புக்கு உரிய உடையை, அந்த வகுப்பைச் சேராத ஒருவர், அவ்வாறு நம்பவைக்கும் நோக்கத்தோடு அணிவதைச் சட்டமே குற்றமாகக் கொள்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 171-ஆம் பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 205-ஆம் பிரிவாக இருக்கிறது. மூன்று மாதம்வரை சிறையோ, 5,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இவ்வளவும் வேலைக்கான விவரப் பக்கத்துக்கும் பயோடேட்டாவுக்கும் கொடுக்கும் படத்தைப் பற்றியே சொன்னேன். பாஸ்போர்ட்டு, விசா முதலிய அடையாளப் பத்திரங்களின் படம் வேறு ஜாதி. அங்கே மரியாதைக்கு இடமில்லை, சாட்சியம் ஒன்றுதான். கம்ப்யூட்டரால் மாற்றிய படத்தை அங்கே ஏற்பதில்லை. சட்டையை மட்டும் மாற்றியிருந்தாலும் அதற்குச் சமாதானம் கிடையாது. போட்டித் தேர்வு விண்ணப்பங்களிலும் நான் அந்தக் கண்டிப்பையே கடைப்பிடிக்கச் சொல்வேன். ஒரே படத்தை எல்லாவற்றுக்கும் உபயோகிக்கும் சௌகரியத்தை உத்தேசித்து, வேலைப் பக்கத்துக்கென்று மாற்றிய படத்தை அவற்றிலும் ஏற்றிவிடுவது நம் பிள்ளைகள் அடிக்கடி செய்யும் காரியம். மாற்றிய கோப்பின் பெயரிலேயே ‘சட்டை மாற்றியது’ என்று எழுதி வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் நேராது.

முடியின் விஷயம் பாக்கியிருக்கிறது. மொட்டைத் தலையோடு இருப்பவன் முடியுள்ள படத்தைக் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். என் தங்கையின் கணவரும் கேட்டார். நான் யோசித்துச் சொன்ன பதில் இது: அந்த முடியை நான் வரையவில்லை, அது இரண்டு மாதத்துக்கு முன் அவன் தலையில் இருந்த முடி, சில மாதத்தில் மறுபடி வந்துவிடும் முடி. மொட்டைத் தலையின் படத்தில் முடியை ஒட்டியிருந்தாலோ, வழுக்கை விழுந்தவர் தம் கல்லூரி நாள் படத்தைக் கொடுத்தாலோ அது வேறு. ஆனாலும் பார்க்கிறவருக்குத் திகைப்பு உண்டாகும் என்பது உண்மையாதலால், தேர்வுக்கு அழைப்பு வந்தால் தேர்வாளர் முன் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடவேண்டும் என்று பையனிடம் சொல்லிவைத்தேன். அவனும் அப்படியே, “பழனிக்குப் போயிட்டு வந்தேன் சார், படத்துல இருக்கறது அதுக்கு முன்னாடி எடுத்தது” என்று சொன்னானாம். அவர் தலையை அசைத்துவிட்டு வேலையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாராம்.

படம் மாற்றக் கடைக்குப் போகிறவர்களுக்கும், கைப்பேசியிலேயே மாற்றிக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சட்டையை மட்டும் மாற்றுங்கள், காலருக்கு மேலே எதையும் தொடாதீர்கள், நிறத்தில் கை வைக்காதீர்கள் என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே வாய் திறந்து சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் செய்துவிடுவார்கள். மூலப் படத்தையும் கேட்டு வாங்கி, அழித்துவிடாமல் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பற்றி என்றைக்காவது ஒரு கேள்வி எழுந்தால், எடுத்துக் காட்ட உங்களிடம் இருக்கப்போவது அது ஒன்றுதான்.